காரணம் சொன்னவர் வீட்டு மேகம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் குரல் அத்தனை தூரம் போகாது, அதோடு இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதையும் இல்லை, ஏனென்றால் இதில் ஒரு மேகம் வருகிறது, அந்த மேகத்துக்குக் காது நன்றாகக் கேட்கும்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்க்கப் போகிற பஸ் கடைசியாக வளைந்து திரும்புகிற இடத்தில் கழிக்கரை என்று ஓர் ஊர். ஊரைச் சுற்றி உப்பளம், உப்பளத்தைச் சுற்றி உப்பங்கழி, கிணற்றில் இறைத்தாலும் உப்பு, குழாயில் பிடித்தாலும் உப்பு, குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தால்தான் உண்டு. ஊருக்கு நடுவே நல்ல தண்ணீர்க் குளம் ஒன்று இருந்தது, ஆனால் அதில் தண்ணீரைப் பார்த்தவர்கள் குறைவு, பிள்ளைகள் அதில் கிரிக்கெட்தான் ஆடுவார்கள். அந்த ஊரில் அளத்தில் உப்பு வாருகிற அஞ்சலாட்சி என்பவள், புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கூரை வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், சத்தியவாணி. போன வருஷம் கூரை ஒழுகின அந்த வீட்டில்தான் சத்தியவாணிக்குத் தலைச்சன் பிறந்து, பேர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்துவிட்டது, அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய நேரம்.

அந்த நேரம் பார்த்துத்தான், சித்திரை வெயிலில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த ஒரு நாள், யானைக்குட்டி பருமனில் ஒரு கருமேகம் கடலிலிருந்து தனியாக நடந்து வந்து, தெருத்தெருவாகப் பார்த்து, அஞ்சலாட்சி வீட்டு அடுப்படிக்கு நேர் மேலே நின்று பெய்ய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது, அதில் ஒரு துளி விழவில்லை. எதிர் வீட்டுக்காரி முதலில் சொன்ன வார்த்தை, கொடியில் கிடக்கிற புடவையை எடுடி அஞ்சலாட்சி என்பதுதான். இரண்டாவதாக அவள் செய்தது, ஒரு குடத்தைக் கொண்டுவந்து அஞ்சலாட்சியின் கூரை இறவாணத்தில் வைத்தது. அது நல்ல தண்ணீர், பாலைப் போல இனித்தது. பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிக் குடம் அங்கே இருந்தது, குடத்தை வைத்தவர்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள், நிரம்பியதும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினார்கள்.

மேகம் போகவில்லை. பஸ் டிரைவர் அந்தத் தெரு முனையில் வைப்பரைப் போட்டு அந்தப் பக்கம் போனதும் நிறுத்தப் பழகிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அவள் வாசலில் ஒரு சுற்று நனைந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அளத்து மேஸ்திரி மட்டும் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு திரிந்தார், இந்தச் சனியன் பாத்திப் பக்கம் நகர்ந்தால் இந்த வருஷத்து உப்பே கரைந்துவிடும், இந்த அம்மாவைக் கொண்டுபோய்ப் புயல் காப்பகத்தில் வைத்தால் தேவலை என்றார். ஆனால் அஞ்சலாட்சிக்குக் கவலை வேறு. சுவர் ஊறிக்கொண்டிருந்தது, கட்டிலின் நாலு காலிலும் காளான் முளைத்திருந்தது. சம்பந்தியம்மா ரஞ்சிதம் போன் போட்டாள். உங்கள் மகளை அழைத்து வருகிறேன், ஆனால் வீட்டை நானே வந்து பார்ப்பேன், ஈரமான வீட்டில் விடமாட்டேன், போன தடவை மாதிரி இன்னொரு தடவை என்னால் ஆகாது என்றாள். அந்தப் போன தடவை என்கிற வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும். சத்தியவாணியோ, அம்மா நான் உன்கிட்ட வந்துடறேனே என்று மட்டும் சொன்னாள். இருவரும் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

ஊர் கூடி யோசித்தது. ரேஷன் கடை வாசலில்தான் கூடினார்கள், அங்கேதான் நிழல். ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும் என்பது எல்லாருடைய அபிப்பிராயம், இந்த இடத்தில்தான் கழிக்கரைக்காரர்கள் தப்புப் பண்ணினார்கள். ஏன் என்று கேட்டதும் எல்லாரும் சிவன் கோயில் ஓதுவாரைப் பார்த்தார்கள். மாசிலாமணி ஓதுவார் நல்ல மனுஷர், தேவாரம் பாடினால் கழியில் நிற்கிற கொக்கு கூடத் தலையைச் சாய்த்துக் கேட்கும். அவர் அஞ்சலாட்சியை அன்பாகப் பார்த்துத்தான் சொன்னார். உயிர் செய்த வினையெல்லாம் ஒரு பெரிய குதிரில் சேர்ந்து கிடக்கிறது, அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று அளந்து எடுத்ததுதான் இப்போது நாம் சாப்பிடுகிற பங்கு. வினைக்கு அறிவு கிடையாது, செய்தவன் யார் என்று தேடிக்கொண்டு வர அதற்குத் தெரியாது, அதனால் சிவம்தான் அதைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. இது தண்டனை இல்லை, வைத்தியம். அழுக்குத் துணிக்கு வண்ணான் இன்னும் கொஞ்சம் உவர்மண்ணைப் பூசித்தானே அடிக்கிறான், அழுக்கை அழுக்கால் எடுக்கிறான், அப்படித்தான் சுவாமியும், உள்ளே இருக்கிற ஆணவம் என்கிற கறை போக வேண்டுமே என்று. யாரோ பின்னாலிருந்து, அப்போ அந்தப் பச்சைப்பிள்ளை செத்ததும் இதுதானா என்று கேட்டார்கள். அதுவும் இதில் சேர்ந்ததுதான் என்றார் ஓதுவார்.

அஞ்சலாட்சி முந்தானையைப் பிழிந்துகொண்டு எழுந்து போனாள். வீட்டுக்குப் போனால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேகம் கோயில் தெருவில் ஓதுவார் வீட்டின் மேல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது.

ஈரத்தில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று ஊரில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஆகையால் தார்ப்பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவளே ஓதுவார் வீட்டுக்குப் போனாள். அவர் பலகை மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், திருநீறு கரைந்து மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தார்ப்பாயைக் கட்டி முடித்த பிறகு சொன்னார்.

“அஞ்சலாட்சி, நான் சொன்னது பொய்யில்லம்மா. எனக்கு நானே சொல்லிக்கிறப்போ அது மருந்தாத்தான் இருக்கு. இவ்வளவு கழிஞ்சுதே, பாரம் குறைஞ்சுதேன்னு மனசு லேசாவுது. ஆனா உன் குதிர்ல என்ன கெடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது பாக்குற கண்ணு சிவத்துக்குத்தான் உண்டு. தெரியாத நோய்க்கு உன் வாயில மருந்தை ஊத்திட்டேன்.”

“விடுங்க ஐயா, உடம்பைத் தொடைங்க” என்றாள் அவள்.

“இன்னொண்ணும் கேளு. உன் கஷ்டம் பழைய வினைன்னே வெச்சுக்க. நான் ரேஷன் கடை வாசல்ல பேசினேனே, அது புதுசு. அதை நான் இன்னைக்குத்தான் சம்பாதிச்சேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரித்ததும் மூக்கில் இருந்த திருநீறு வாய்க்குள் போய்விட்டது.

மறுநாள் டீக்கடையில் இதே பேச்சு. பள்ளிவாசல் மோதினார் கமருதீன் பாய், பாங்கு சொல்லிச் சொல்லியே கம்பீரமான குரல் வாய்த்தவர், ஓதுவாருக்குப் பழைய சிநேகிதர், அவரை யாராவது தப்பாக நினைத்துவிடப் போகிறார்களே என்ற அக்கறையில் பேசப் போய் மாட்டிக்கொண்டார். வினையும் இல்லை ஒன்றும் இல்லை, படைத்தவன் சோதிக்கிறான், நல்லவர்களுக்குத்தான் சோதனை கூட வரும், காலில் ஒரு முள் குத்தினால் கூட அதற்கு ஒரு பாவம் உதிர்ந்துபோகும், பொறுமையாக இருந்தால் கணக்கில்லாத கூலி உண்டு என்றார். ஒரு நபியின் கதையும் சொன்னார். அந்த நபி, இறைவன் தனி அறிவு கொடுத்த ஒரு பெரியவரோடு போனார், ஏழைகளின் படகில் ஏறினார்கள், பெரியவர் படகில் ஓட்டை போட்டார், இது அநியாயம் இல்லையா என்று நபி கேட்டார், பின்னால் வருகிற ராஜா நல்ல படகையெல்லாம் பறிக்கிறவன், ஓட்டைப் படகை விட்டுவிடுவான் என்பது பெரியவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதற்கப்புறம் போனார்கள், போகிற வழியில் என்று ஆரம்பித்தவர், தூக்குச்சட்டியோடு நின்ற அஞ்சலாட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தி, டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஆனால் மேகத்துக்கு அதுவரை சொன்னதே போதுமாயிருந்தது.

கமருதீன் பாய் ஒண்டிக்கட்டை, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அறை நனைகிறதே என்று ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளித் தங்கச்சி வீட்டு வாசலில் வைத்துக் கஞ்சி காய்ச்சினார், மேகமும் நாலு வீடு தள்ளி நகர்ந்து அந்த வாசலில் பெய்தது. தங்கச்சி திட்டினாள், ஸ்டவ்வைத் திரும்பக் கொண்டுபோனார், மேகமும் திரும்பியது. மழை பாய் பின்னால் போகிறது என்று ஊர் சொன்னது. ஒரு தகரத்தை வளைத்து ஸ்டவ்வுக்குக் குடை கட்டிக்கொடுத்த அஞ்சலாட்சி மட்டும், பாய் தொழுகைக்குப் போனபோது மேகம் கூடப் போகவில்லை, ஸ்டவ் இருக்கிற இடத்தில்தான் நின்றது என்பதைப் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் பாயிடம் கேட்டது வேறு. “படகுக்கு அப்புறம் என்னா ஆச்சு பாய்? போற வழியிலன்னு நிறுத்திட்டீங்களே.”

அவர் ரொம்ப நேரம் ஈரத் தொப்பியைப் பிழிந்தார். “அதுல ஒரு பையன் வருவான் தங்கச்சி. அதை உன்கிட்ட நான் சொல்லமாட்டேன். அந்த நபியாலயே கேட்டுப் பொறுக்க முடியல. இறைவன் யாருக்கு அந்த அறிவைக் கொடுத்தானோ அவரு சொல்லலாம், கையில டீ கிளாஸ் வெச்சுக்கிட்டு நான் சொல்றதுக்கு அது கதை இல்ல.” பிறகு குரல் தாழ்ந்து, “ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க நாயகம் தன்னோட பச்சைப்பிள்ளை உசுரு போறப்போ மடியில வெச்சுக்கிட்டு அழுதாங்க. நீங்களுமா அழறீங்கன்னு கேட்டாங்க. கண்ணு அழுவுது, நெஞ்சு நோவுது, ரப்புக்குப் பிடிக்காததை மட்டும் வாயால சொல்லமாட்டோம்னாங்க. ஏன் போச்சுன்னு அவங்க ஒரு காரணமும் சொல்லல.”

அன்றைக்குத்தான் அஞ்சலாட்சி போன வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக, மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், வாய்விட்டு அழுதாள். பாய் ஸ்டவ்வுக்குத் திரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக மாட்டியவர் மாதா கோயில் உபதேசியார் சவரிநாதன், அவர் மாட்டிய விதத்தை நினைத்தால் இன்னும் ஊரில் சிரிக்கிறார்கள். செல்வமெல்லாம் போய், பெற்ற பிள்ளைகளெல்லாம் போய், உடம்பு முழுக்கப் புண்ணாகி உட்கார்ந்த ஒரு பழைய காலத்துப் பெரியவரைப் பற்றிப் பாய்க்கும் உபதேசியாருக்கும் வாக்குவாதம். அவர் எங்கள் நபி, அவ்வளவு துன்பத்திலும் இறைவனைக் குறை சொல்லாமல் பொறுத்தார் என்றார் பாய். அவர் எங்கள் ஆளும்தான், ஆனால் எங்கள் கதையில் அவர் சும்மா இருக்கவில்லை, நான் என்ன தப்புப் பண்ணினேன், வந்து சொல்லும் என்று கடவுளோடு பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார் என்றார் உபதேசியார். அவருக்கு மூன்று நண்பர்கள் வந்தார்கள், ஒரு வாரம் மண்ணில் கூடவே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்கள்தான். பிறகு வாயைத் திறந்து நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பாய் என்று காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் வந்து யாரைக் கோபித்தார் தெரியுமா, சண்டை போட்டவர் பேசியதுதான் சரி என்று சொல்லிவிட்டு, காரணம் சொன்ன நண்பர்களைத்தான் கோபித்தார். இவ்வளவும் கை நீட்டி முழக்கிவிட்டு, அதே மூச்சில் உபதேசியார், ஆனால் நம் பாய்க்கு இந்தக் கஷ்டம் ஏன் வந்தது என்றால் என்று தொடர்ந்தார்.

ஆதித் தாய் தகப்பனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், பொம்மையாகப் படைத்திருந்தால் பாவமும் இல்லை அன்பும் இல்லை, அவர்கள் அந்தச் சுதந்திரத்தைக் கெடுத்தார்கள், அதிலிருந்து உலகத்துக்கே நோயும் சாவும் வந்தது, என்று சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால், மாதா கோயில் பின்கட்டில் அவருடைய ஓட்டு வீட்டுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அங்கேயும் அஞ்சலாட்சிதான் போனாள், இந்தத் தடவை பாயும் ஓதுவாரும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்தார்கள். உபதேசியார் நனைந்த கோரைப்பாயில் உட்கார்ந்து சுவரில் தொங்குகிற சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதித் தாய் தகப்பன் ஞாபகமே தனக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பண்ணின பாவமா, பெற்றவர்கள் பண்ணின பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று அந்தச் சிலுவையில் இருப்பவர் சொன்னது மட்டும் ஞாபகம் வருகிறது என்றார். “மேல நின்னு பாத்துக்கிட்டிருக்கிற சாமி இல்லம்மா அவரு, எறங்கி வந்து ஆணியில தொங்கினவரு. தொங்கறப்போ அவரே, ஏன் என்னைக் கைவிட்டீர்னு கேட்டாரு. நீ கேக்குற கேள்வியை உனக்கு முன்னாடி அவரு கேட்டுட்டாரு. பதில் வந்துச்சான்னா, அப்போ வரல.” சொல்லிக்கொண்டே, கூட நனைகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது இந்தத் தலையணைக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தலையணையைப் பிழிந்தார்.

இந்த மூவரையும் கேலி பண்ணத்தான் அப்பாண்டை நயினார் வந்தார். சமணர், ரிட்டையர் ஆன வாத்தியார், ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவர், பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார், வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் தண்ணீர் குடிக்கமாட்டார். நீங்கள் மூன்று பேரும் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று சண்டை போடுகிறீர்கள் என்றார். உலகத்தை ஒருவர் படைக்கவும் இல்லை, துன்பத்தை ஒருவர் அனுப்பவும் இல்லை, அப்படி நல்லவர் ஒருவர் எல்லா வல்லமையோடும் இருந்திருந்தால் இப்படியா பண்ணுவார். வினை என்பது யாரும் எடுத்து ஊட்டுகிற சோறு இல்லை ஓதுவாரே, அது நுண்ணிய தூசி. ஆசையாலும் கோபத்தாலும் உயிர் ஈரமாகிறது, ஈரமான துணியில் தூசி ஒட்டுகிற மாதிரி வினை ஒட்டுகிறது, பலன் கொடுத்துவிட்டு அதுவே உதிர்கிறது, உபதேசியார் ஏதோ ஒரு நாள் ஈரமாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். எல்லாரும் மேலே பார்த்தார்கள். நயினார் பார்க்கவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார், மேகம் அவரை முந்திக்கொண்டு போயிற்று.

மற்றவர்களுக்கு மழை என்றால் நனைவதோடு சரி. நயினாருக்கு அப்படி இல்லை. ஈர மண்ணில் புழுவும் மரவட்டையும் எறும்பும் நூறு நூறாகக் கிளம்பி வாசல் முழுக்க ஊர்ந்தன, கால் வைத்தால் ஓர் உயிர் போகும், ஆகவே அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, மழைக்காலத்தில் முனிவர்கள் ஒரே இடத்தில் தங்குகிற மாதிரி உட்கார்ந்துவிட்டார். வீட்டம்மா தவலைத் தண்ணீரை மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி நீட்டுவார். அஞ்சலாட்சி தெருவில் நின்றே கேட்டாள், அடுப்பைத் தூக்கிக் குளத்தில் வைக்கலாமா ஐயா, மழையும் அங்கே போய்விடும் என்று. அது தரையோடு கட்டின மண் அடுப்பு, பெயர்க்க வராது என்றார் அவர், வேறு அடுப்பு மூட்டப் போனாலும் நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு மிதித்துக்கொண்டுதானே போக வேண்டும், என் சுகத்துக்கு ஒரு மரவட்டை சாக வேண்டாம் என்றார். “எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல அஞ்சலாட்சி. அனுப்பினவன்னு ஒருத்தன் இருந்தாத்தானே கோவப்படறது? அது பெரிய நிம்மதி. என்ன, முதுகுதான் வலிக்குது.”

இதற்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. யாருடைய துன்பத்துக்கு யார் காரணம் சொன்னாலும் மேகம் சொன்னவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான், கழிக்கரையில் காரணம் சொல்கிற பழக்கமே நின்றுபோனது. பிள்ளை விழுந்தால், பார்த்து நடக்கக் கூடாதா என்று எந்தத் தாயும் சொல்லவில்லை, தூக்கித் தூசு தட்டினாள். குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தவனைப் பார்த்து யாரும் நியாயம் பேசவில்லை, இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். மாமியார் மருமகள் வீடுகளில் சாப்பாட்டு நேரம் சத்தமில்லாமல் போனது. துக்க வீட்டுக்குப் போனவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல், பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நல்ல ஊராகத்தான் ஆகிவிட்டது, ஆனால் நயினார் மட்டும் கட்டிலிலேயே இருந்தார், மேகத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

அஞ்சலாட்சி வீடு காய்ந்து, சாணம் மெழுகி, காளான் வெட்டின கட்டிலில் புதுப் பாய் விரித்துத் தயாராக இருந்தது. ஆனால் வருகிறவள் ரஞ்சிதம். பால் திரிந்தால் ஒரு காரணம், பல்லி விழுந்தால் ஒரு காரணம், ரஞ்சிதம் வாயில் காரணம் தீர்ந்து யாரும் பார்த்ததில்லை. பிரசவம் முடியும் வரை இந்த வீட்டில்தான் அவளும் தங்குவாள், இந்த அடுப்பில்தான் அவளும் கை வைப்பாள். அந்தப் போன தடவையை அவள் ஒருநாள் இந்த அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், மழை பச்சைப்பிள்ளை தலைமேல் இறங்கும். சொல்லாமல் இரு என்று ரஞ்சிதத்திடம் கேட்பதும், உலை கொதிக்காதே என்று கேட்பதும் ஒன்று. ஆகவே அஞ்சலாட்சி ஒரு வேலை பண்ணினாள். பஸ்ஸை விட்டு இறங்கிய சம்பந்தியை வீட்டுக்கு அழைத்துப் போகாமல், முதலில் பொன்னியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும், பெரியவங்க உங்க கையாலதான் அடுப்பு மூட்டணும் என்று காய்ந்த குளத்துக்கு நடுவே கூட்டிப்போனாள். மூன்று கல், விறகு, புதுப் பானை எல்லாம் அங்கே இருந்தன. ஊரும் இருந்தது, பொங்கலுக்கு வந்த ஊர் மாதிரி நின்றாலும் எல்லாரும் ஒரு கையில் குடத்தை மறைத்து வைத்திருந்தார்கள்.

ரஞ்சிதம் பெருமையாக உட்கார்ந்து அடுப்பை மூட்டினாள். புகை கிளம்பியது. சத்தியவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலாட்சி குனிந்து, ஒரு வருஷமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

“சம்பந்தி, போன வருஷம் அந்தப் பிள்ளை ஏன் போச்சு? நீங்க மனசுல வெச்சிருக்கிறதைச் சொல்லிடுங்க.”

ஓதுவார், பாய், உபதேசியார் மூவரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். அடுப்பைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஈர வீட்டுக் குளிர் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள், அதை எத்தனையோ தடவை தன் வீட்டுச் சுவருக்குச் சொல்லிப் பழகியும் இருந்தாள்.

“தெரியல” என்றாள் ரஞ்சிதம். “எனக்குத் தெரியல சம்பந்தி. அந்தப் பிள்ளையோட கை விரலு என்னை மாதிரியே இருந்துச்சு. ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியவே இல்ல.”

படித்துறையில் இருந்த சத்தியவாணி எழுந்து வந்து மாமியார் பக்கத்தில், பாரமான உடம்போடு, தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேகம் நயினார் வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை.

ஆக, போட்ட திட்டம் கெட்டது. கெட்டதில் அஞ்சலாட்சிக்கு வருத்தம் இல்லை, ஆனால் தூரத்தில் நயினார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், குளம் காய்ந்து கிடந்தது, ரஞ்சிதம் இன்றைக்குச் சொல்லாததை நாளைக்குச் சொல்லமாட்டாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இனி இருப்பது ஒரே வழி. அதில் ஒரு கால் தப்பினால் மழை நேராகத் தன் வீட்டு அடுப்புக்குத்தான் வரும், மகள் படுக்கப் போகிற கட்டிலுக்குத்தான் வரும். அவள் ரஞ்சிதத்தின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். தன் கையால் அரிசியைக் களைந்து போட்டாள், தன் கையால் கிளறினாள், ஒரு வாய் எடுத்துத் தின்றும் பார்த்தாள், இது என் அடுப்பு என்று அடுப்புக்கே தெரியட்டும் என்று. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கேட்கச் சொன்னாள்.

“நயினார் ஏன் நனையறாரு தெரியுமா? மூணாங் கிளாஸ்ல எனக்கு வாய்ப்பாடு வரலன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாரு. அதான் சாமி குடுத்துச்சு.”

இவ்வளவு கேவலமான காரணத்தை மேகம் அதன் ஆயுளில் கேட்டிருக்காது. காரணம் எவ்வளவு மட்டமோ அவ்வளவு வேகம் போலிருக்கிறது, நயினார் வீட்டுக் கூரையை விட்டுக் கிளம்பி, பாய்ந்து வந்தது. ஊர் சிரித்து முடிப்பதற்குள் வானம் இருண்டு, முதல் துளி பானை விளிம்பில் விழுந்து சுரீர் என்றது. தெருக்கோடியில் நயினாரின் குரல் கேட்டது, அது மூணாங் கிளாஸ் இல்லை, நாலாங் கிளாஸ் என்று திருத்திக்கொண்டிருந்தார். குடங்கள் எல்லாம் வெளியே வந்தன. பாய், ஓதுவார் தலையில் துண்டைப் போட்டார், உபதேசியார் நனைந்துகொண்டே பிள்ளைகளோடு குளத்தைச் சுற்றி ஓடினார். சத்தியவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மழை வலுத்தது, விறகு சீறியது, தீ சுருங்கி ஒரே ஒரு நாக்கானது. இந்த அடுப்பு அணைந்தால் அவளுக்கு மிச்சம் இருப்பது வீட்டு அடுப்பு ஒன்றுதான் என்பது அஞ்சலாட்சிக்குத் தெரியும், மேகத்துக்கும் தெரியும். அவள் மழையைப் பார்க்கவில்லை, யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ரஞ்சிதம் திண்டிவனத்தில் புதிதாக வாங்கி, தன் தலைக்குப் பிடித்திருந்த பெரிய கறுப்புக் குடையைச் சம்பந்தி என்ற மரியாதை கூடப் பார்க்காமல் வெடுக்கென்று பிடுங்கி, சேற்றில் ஆழமாக ஊன்றி, அடுப்புக்குப் பிடித்தாள்.